வீக்கத்தைப் பார்த்து எலும்பைத் தீர்மானிக்காதீர்கள்

கணுக்கால் பிசகி ஒருவர் உட்கார்ந்துவிட்டால் சுற்றி நிற்பவர்களிடமிருந்து இரண்டு தீர்ப்புகள் வரும். கால் பந்து மாதிரி வீங்கிவிட்டால், "இவ்வளவு வீக்கமா, எலும்பு போயிருக்கும்" என்பார்கள். நொண்டிக்கொண்டாவது நடந்துவிட்டால், "காலை ஊன்றுகிறானே, உடைந்திருந்தால் ஊன்ற முடியுமா, வெறும் சுளுக்குதான்" என்பார்கள். முதல் தீர்ப்புக்கு மருந்து புத்தூர் கட்டு. இரண்டாவதற்கு மருந்து சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு நீவிவிடுவது, வீட்டுக்கு வந்து கல்லுப்பு ஒத்தடம் கொடுப்பது, இரவில் புளியும் உப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டுக்கு வீடு இதுதான் நடைமுறை. இரண்டு தீர்ப்புகளும் தவறு என்றும், அவற்றைத் தொடர்ந்து வரும் வைத்தியம் பல நேரங்களில் காயத்தைக் கூட்டுகிறது என்றும் சொல்லவே இந்தக் கட்டுரை.

இந்தப் பகுதியில் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருப்பதற்கு ஒரு பூகோளக் காரணமும் உண்டு. பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் என்று போகிற சி.டி.எச். ரோட்டில் அப்படியே திருத்தணி, நகரி தாண்டினால் ஆந்திரத்தின் புத்தூர் வந்துவிடும். ஆவடி வழியாகத் திருப்பதிக்குப் போகும் ரயில் பாதையும் அரக்கோணம் சுற்றிப் புத்தூரைத் தொட்டுத்தான் ரேணிகுண்டா சேர்கிறது. எலும்பு முறிந்தவரை வண்டியில் ஏற்றிப் புத்தூருக்குக் கொண்டுபோய், பச்சிலை அரைத்த விழுதும் முட்டையின் வெள்ளைக்கருவும் தடவி, மூங்கில் சிம்பு வைத்துத் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு வருவது வட தமிழ்நாட்டில் பல தலைமுறைப் பழக்கம். இப்போது அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. 'புத்தூர் கட்டு' என்ற பலகை புறநகர்ச் சாலைகளில் தென்படுகிறது. பலகை வைத்திருப்பவருக்குப் புத்தூரோடு என்ன தொடர்பு, யாரிடம் கற்றார் என்று கட்டுப் போட்டுக்கொள்ள வருபவர் கேட்பதில்லை.

இந்தப் பழக்கத்தை நம்புகிறவர்களின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். "எங்கள் தெருவில் எத்தனையோ பேருக்கு நீவிவிட்டே சரியாகியிருக்கிறது. எங்கள் பாட்டிக்குக் கட்டுப் போட்டு மூன்று வாரத்தில் நடந்தார்கள்" என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கணுக்கால் பிசகி மருத்துவமனைக்கு வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொள்கிறவர்களிலேயே நூற்றுக்குப் பதினைந்து பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் முறிவு இருக்கிறது என்பது பல நாட்டு அவசரப் பிரிவுகளின் அனுபவம். மருத்துவமனைக்கே வராதவர்களையும் சேர்த்தால் இந்த விகிதம் இன்னும் குறையும். அதாவது பிசகிய கால்களில் மிகப் பெரும்பாலானவை நார் இழுபட்ட கால்கள். எண்ணெய் போட்டாலும் போடாவிட்டாலும், பற்றுப் போட்டாலும் போடாவிட்டாலும் சில வாரங்களில் அவை தேறிவிடும். அந்தத் தேறுதலின் பெயரை நீவியவரும் கட்டியவரும் வாங்கிக்கொள்கிறார்கள். மீதியுள்ள சிலருக்கு முறிந்த எலும்பு விலகியபடியே கூடி, ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் படி இறங்கும்போதெல்லாம் மூட்டு வலிக்கிறது. அந்த வலியை யாரும் பழைய கட்டோடு முடிச்சுப் போடுவதில்லை. "வயசாச்சு, மூட்டுத் தேய்மானம்" என்று வேறு கணக்கில் எழுதிவிடுகிறார்கள். இப்படி வெற்றி மட்டுமே எண்ணப்படுகிற ஒரு வைத்தியம் தோற்கவே முடியாது.

இனி வீக்கம். கால் உள்பக்கம் மடங்கி உடல் எடை வெளிப்பக்கமாகச் சாயும்போது, வெளிக்கணு எலும்பின் முன்நுனியிலிருந்து பாதத்தின் மேல் எலும்புக்குப் போகும் ஒரு மெல்லிய நார்ப்பட்டை முதலில் இழுபடுகிறது. லிகமென்ட் என்று டாக்டர்கள் சொல்லும் நார்களில் கணுக்காலில் அதிகம் அறுபடுவது இதுதான். அந்த நாரோடு சிறு ரத்தக் குழாய்களும் கிழிகின்றன. அதனால் பத்து நிமிடத்துக்குள் வெளிக்கணுவுக்கு முன்னால் கோழிமுட்டை அளவுக்கு ஒரு வீக்கம் எழும்பிவிடும். கசிந்த ரத்தம் பிறகு தோலுக்கடியில் வழிந்து கீழே இறங்குகிறது. இரண்டாம் மூன்றாம் நாளில் குதிகாலின் ஓரமும் விரல்களின் அடிப்பகுதியும் கருநீலமாகிப் பார்ப்பவரைப் பயமுறுத்துவது இதனால்தான். நீலம் தெரிகிற இடத்தில் அடிபட்டது என்று பொருளில்லை; ரத்தம் தாழ்ந்த இடத்தைத் தேடி வந்திருக்கிறது, அவ்வளவே. நார் முழுவதும் அறுந்து எலும்பு கெடாத கால் மிகப் பெரிதாக வீங்கலாம். எலும்பில் விரிசல் விழுந்து மேலுறை கிழியாத கால் லேசாகவே வீங்கலாம். பிசகியவர் உடனே உட்கார்ந்தாரா, இரண்டு தெரு நடந்தாரா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா என்பதெல்லாம் வீக்கத்தின் அளவை மாற்றும். ஆகவே வீக்கத்தை மட்டும் கண்ணால் பார்த்து உள்ளே முறிவு இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. எலும்பு மருத்துவராலும் முடியாது. அவர் அதனால்தான் விரலை வைத்து அழுத்துகிறார்.

எங்கே அழுத்துகிறார் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவமனைகளில் அயன் ஸ்டீல் என்ற அவசர மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதே கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கால் பிசகி வந்த எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுப்பதற்கு முன் ஒவ்வொருவரிடமும் பல அறிகுறிகளைச் சோதித்துக் குறித்துக்கொண்டார்கள். எந்த அறிகுறிகள் முறிவைத் தவறவிடாமல் காட்டுகின்றன என்று பிறகு ஒப்பிட்டார்கள். 1992இல் வெளியான அந்த ஆய்வில் கடைசியில் தேறி நின்றவை மிகச் சில. வீக்கத்தின் அளவு அந்தச் சிலவற்றில் இல்லை. ரத்தம் கட்டிய நிறமும் இல்லை. 1993இல் விதியைச் செம்மைப்படுத்தியபோது, எலும்பின் குறிப்பிட்ட சில இடங்களில் அழுத்தினால் வலிக்கிறதா, நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா என்ற இரண்டு மட்டுமே நின்றன. ஒட்டாவா விதி என்று உலகம் முழுவதும் இது பயன்படுகிறது. 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் பல நாடுகளில் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த விதி 'முறிவில்லை' என்று கழித்துவிட்டவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவானவர்களிடமே முறிவு இருந்தது தெரியவந்தது.

அழுத்த வேண்டிய இடங்களைச் சொல்கிறேன். கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியும், அந்த எலும்பின் பின்விளிம்பில் நுனியிலிருந்து மேல்நோக்கி 6 சென்டிமீட்டரும். மூன்று விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். உள்பக்கக் கணுவிலும் அதேபோல நுனியும் பின்விளிம்பும். பின்விளிம்பு என்று குறிப்பாகச் சொல்லியிருப்பதற்குக் காரணம் உண்டு. வெளிக்கணுவுக்கு முன்னால் நார் அறுந்த இடம் எப்படியும் வலிக்கும். அங்கே அழுத்தி "ஐயோ" என்றால் எலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. பின்விளிம்பில் அந்த நார் இல்லை. அங்கே எலும்பின் மேலேயே விரல் பதியும்போது சுள்ளென்று வலித்தால் அது எலும்பின் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதத்தில் இன்னும் இரண்டு இடங்கள். ஒன்று பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டு விரலுக்கும் குதிகாலுக்கும் ஏறக்குறைய நடுவில் விரலுக்குத் தட்டுப்படும் எலும்பு முடிச்சு. கால் மடங்கும்போது அங்கே பிடித்திருக்கும் தசை இழுத்து எலும்பின் நுனியைப் பெயர்த்துவிடுவதுண்டு. மற்றது உள்பக்கம், கணுவுக்குச் சற்று முன்னால், பாத வளைவின் உச்சியில் உள்ள எலும்பு. இந்த இடங்களில் ஏதாவது ஒன்றில் அழுத்தி வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். எங்கும் எலும்பு வலி இல்லை, ஆனால் பிசகிய உடனேயும் பரிசோதிக்கும்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். நொண்டி நொண்டி வைத்தாலும் அது அடிதான். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு முறை எடை மாறினால் போதும்.

இங்கேதான் "ஊன்றினால் உடையவில்லை" என்ற இரண்டாம் தீர்ப்பு உடைகிறது. நடக்க முடிவது ஒரு சோதனை மட்டுமே. எலும்பை அழுத்திப் பார்ப்பது இன்னொன்று. ஒன்றில் தேறியவர் மற்றதில் தோற்கலாம். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. எடையைத் தாங்குவது பெரும்பாலும் உள்பக்கப் பெரிய எலும்பு. வெளிப்பக்க மெல்லிய எலும்பு எடையில் சிறு பங்கையே சுமக்கிறது. கணுக்கால் பிசகும்போது அதிகம் முறிவதோ இந்த மெல்லிய எலும்பின் கீழ்முனை. ஆகையால் அது முறிந்த ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடவும் முடியும். போய்விட்டார் என்பதாலேயே அவர் காலைச் சுளுக்கு என்று நீவுவது பெரிய தவறு.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு பேரும் தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள். ஷிப்டு முடிந்து திரும்பும்போது அம்பத்தூர் ஓ.டி.யில் பஸ்ஸிலிருந்து இறங்குகையில் கால் பிசகியவர்கள். முதலாமவருக்கு வீக்கம் கணுவையே மறைத்துவிட்டது. மறுநாள் குதிகால் வரை நீலம் பாய்ந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பயம். ஆனால் விரலை வைத்துப் பார்த்தால் வெளிக்கணுவின் பின்விளிம்பு வலிக்கவில்லை, நுனி வலிக்கவில்லை, உள்கணு வலிக்கவில்லை, பாத ஓரத்து முடிச்சும் பாத வளைவின் உச்சியும் வலிக்கவில்லை. முன்பக்கக் குழிவில் தொட்டால் மட்டும் துடிக்கிறார். சுவரைப் பிடிக்காமல் நொண்டியபடி ஆறு அடி போகிறார். இவருக்கு எக்ஸ்ரே தேவையில்லை. புத்தூர் கட்டும் தேவையில்லை.

இரண்டாமவரின் வீக்கம் பாதி எலுமிச்சை அளவு. நடந்தே வீட்டுக்கு வந்தார். "ஒண்ணும் இல்லம்மா" என்று சாப்பிட உட்கார்ந்தார். அவருடைய அம்மா வெளிக்கணுவின் பின்புறம், நுனியிலிருந்து இரண்டு விரல் மேலே அழுத்தியபோது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இன்னொரு முறை, அதே புள்ளி, அதே வலி. எக்ஸ்ரே எடுக்க வேண்டியவர் இவர்தான். படத்தில் முறிவு இல்லாமலும் போகலாம், ஏனென்றால் இந்த விதி முறிவைத் தவறவிடாமல் இருப்பதற்காகக் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகிக்கும். ஆனால் கண்ணை நம்பிய தெரு முதலாமவரைக் கட்டுக்கும் இரண்டாமவரை நீவலுக்கும் அனுப்பியிருக்கும். இரண்டுமே தலைகீழ்.

இந்த விதியும் எல்லோருக்கும் பொருந்தாது. வலியை நம்பி நிற்கும் சோதனை இது. வலி தெரியாதவரிடம் செல்லாது. நம் ஊரில் இதற்கு முதல் உதாரணம் பல வருடச் சர்க்கரை நோய். பாதத்தில் மரத்துப்போன உணர்ச்சி, செருப்பு கழன்றதே தெரியாத நிலை உள்ளவர் கணுக்கால் முறிந்தும் சாதாரணமாக நடப்பார். அப்படி நடந்து நடந்தே பாதத்தின் எலும்புகள் நொறுங்கி வடிவம் குலைந்தவர்களை எலும்பு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். சர்க்கரைக்காரரின் பாதம் சூடாகச் சிவந்து வீங்கினால், வலி இல்லையென்பதே பயப்பட வேண்டிய செய்தி. குடித்திருந்தவர், தலையிலும் அடிபட்டவர், உடம்பில் வேறிடத்தில் இதைவிடப் பெரிய காயம் உள்ளவர் ஆகியோரிடமும் இந்த விதியை வைத்து முடிவு செய்யக் கூடாது. குழந்தைகளுக்கு எலும்பின் நுனியில் வளரும் குருத்துப் பகுதி நாரைவிட பலவீனமானது. பெரியவர்களுக்கு நார் அறும் இடத்தில் அவர்களுக்கு அந்தப் பகுதி பிளக்கலாம். சிறு பிள்ளைகளை டாக்டரிடம் காட்டிவிடுவதே நல்லது. வலி ஊசி போட்ட பிறகு அழுத்திப் பார்ப்பதும் பயன் தராது. ஊசிக்கு முன்பே அழுத்திப் பாருங்கள்.

கால் கோணலாகத் திரும்பியிருந்தாலோ, தோல் கிழிந்து எலும்பின் பக்கம் ரத்தம் வந்தாலோ, விரல்கள் வெளிறிச் சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ எந்த விதியும் பார்க்க வேண்டாம். உடனே மருத்துவமனைதான். இன்னொரு இடத்தையும் மறக்கக் கூடாது. கால் வெளிப்பக்கமாகத் திருகி விழுந்தவருக்கு உள்கணு வீங்கியிருக்கும். வெளியெலும்போ மேலே முழங்காலுக்குச் சற்றுக் கீழே முறிந்திருக்கலாம். கணுக்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் அது படத்திலேயே வராது. ஆகவே கணுக்காலைத் தொட்டுப் பார்க்கிற கை வெளியெலும்பு நெடுகிலும் முழங்கால் வரை ஒருமுறை போய்வர வேண்டும்.

முறிவு இல்லை என்று தெரிந்த காலுக்கு முதல் இரண்டு மூன்று நாள் என்ன செய்வது? ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயர்த்தி வைப்பது. இந்த நான்கையும் சேர்த்து 1978இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பிரபலப்படுத்தினார். அவரே 2014இல், நீண்ட ஓய்வும் அளவு மீறிய ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். இதைக் காட்டி, "பார்த்தீர்களா, ஐஸ் தப்பு என்று கண்டுபிடித்தவரே சொல்லிவிட்டார், நம் ஒத்தடம்தான் சரி" என்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் சொன்னது அதுவல்ல. ஐஸ் நாரை ஒட்டவைக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அது வலியைக் குறைக்கிறது. முதல் சில மணி நேரம் அதற்காக வைத்துக்கொள்வதில் தவறில்லை. வெந்நீர் ஒத்தடத்துக்கு அவர் சொன்னதில் எந்த ஆதரவும் இல்லை. புதிதாகக் கிழிந்த ரத்தக் குழாய்களுக்குச் சூடு கொடுத்தால் அவை விரிந்து இன்னும் கசியும். ஐஸ் வைத்தால் 'நீர் கோத்துக்கொள்ளும்' என்ற பயம் நம் வீடுகளில் இருக்கிறது. கோத்திருக்கும் நீர் காயத்திலிருந்து வந்தது, குளிரிலிருந்து வந்ததல்ல.

ஐஸை நேரே தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். ஈரத் துண்டில் சுற்றி வைக்க வேண்டும். பத்து நிமிடம் வைத்து, பத்து நிமிடம் எடுத்து, மறுபடி பத்து நிமிடம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இருபது நிமிடம் தொடர்ந்து வைப்பதைவிட இப்படி இடைவெளி விட்டு வைத்தவர்களுக்கு முதல் வாரத்தில் அசைவின்போது வலி குறைவாக இருந்ததாக ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. பெட்டியில் ஐஸ் இல்லையென்றால் கழுவிய பால் கவரில் தண்ணீர் ஊற்றி உறையவைத்துக்கொள்ளலாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஐஸ் வேண்டாம்.

நீவுவதைப் பற்றி நான் கடுமையாகவே சொல்கிறேன். முதல் மூன்று நாளில் கட்டை விரலால் அழுத்தி இழுத்து நீவுவது, அறுந்து ஒட்டத் தொடங்கியிருக்கும் நார்களையும் உறையத் தொடங்கியிருக்கும் குழாய்களையும் மறுபடி கிழிப்பது. நீவியதும் கொஞ்ச நேரம் இலகுவாக இருப்பது உண்மை. தேய்ப்பதால் அந்த இடத்தில் வலி உணர்வு தற்காலிகமாக மழுங்குகிறது. மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தால், "சுளுக்கு இன்னும் முழுசா விடலை, இன்னொரு தடவை எடுக்கணும்" என்று சொல்லப்படுகிறது. உள்ளே முறிவு இருந்தால் இந்த நீவல் விலகாத முறிவை விலக வைக்கலாம். 'பிசகிய நரம்பை அதன் இடத்தில் கொண்டுவருவது' என்று அவர்கள் சொல்வதற்கு உடம்பில் ஆதாரமே இல்லை. கணுக்காலில் பிசகிக் கிடந்து நீவியதும் உள்ளே போகும் நரம்பு எதுவும் கிடையாது.

கட்டுக்கு நாலு இன்ச் கிரேப் பேண்டேஜ் போதும். விரல்களை வெளியே விட்டு, விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, முந்திய சுற்றில் பாதியை மூடியபடி பாதத்தைச் சுற்றி, குதிகாலையும் மூடி, கணுவில் எட்டு வடிவமாகக் குறுக்கே போய், கணுவுக்கு மேலே ஒரு சாண் வரை போட வேண்டும். கீழே சற்று இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. பலர் கணுவை மட்டும் இறுக்கிச் சுற்றிப் பாதத்தைத் திறந்து விடுகிறார்கள். அப்போது வீக்கம் மொத்தமும் பாதத்தில் போய்த் தேங்கும். போட்டு முடித்ததும் கட்டை விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். அதற்கு மேல் ஆனாலோ விரல் மரத்தாலோ அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். இரவில் கழற்றிவிடலாம். உயர்த்துவது என்றால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே. நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் நீட்டினால் அது உயர்த்தியதாகாது. பாயில் படுத்து இரண்டு தலையணை மேல் காலை வைத்தால்தான் நீர் இறங்கும்.

ஓய்வு என்ற சொல்லைத்தான் எல்லோரும் மிகத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், கட்டுப் போடுபவர்கள் மட்டுமல்ல, ஆங்கில வைத்தியம் பார்க்கும் சில கிளினிக்குகளும். எலும்பு நன்றாக இருக்கும் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு மூன்று வாரம் அனுப்பிவிடுவது இன்றும் நடக்கிறது. லேசான, நடுத்தர சுளுக்குகளில் முதல் வாரத்திலேயே அசைவுப் பயிற்சி தொடங்கியவர்கள் விரைவாக நன்றாக நடந்தார்கள் என்று 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான பரிசோதனை காட்டியது. ஓய்வு ஒன்றிரண்டு நாள் போதும். பிறகு படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, கட்டை விரலால் காற்றில் எழுத்து எழுதுவது, வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றி நடப்பது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் சுவரைத் தொட்டபடி அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் நிற்கும் பயிற்சி. இந்தக் கடைசிப் பயிற்சியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அறுந்த நாரில் காலின் நிலையை மூளைக்குச் சொல்லும் உணர்வு நுனிகளும் இருக்கின்றன. அவற்றைப் பழக்காவிட்டால் வலி போன பிறகும் அதே கால் திரும்பத் திரும்ப மடங்கும். குண்டும் குழியுமான சாலையில் நடக்கிறவருக்கு இது சிறு விஷயமல்ல.

இனி உண்மையாகவே முறிந்த கணுக்காலும் புத்தூர் கட்டும். முறிவு விலகாமல் இருந்தால் அசையாமல் வைத்தாலே எலும்பு கூடிவிடும். சிம்பு வைத்தாலும் கூடும், மாவுக்கட்டிலும் கூடும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் விலகியிருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து தடவித் தெரிந்துகொள்ள முடியாத மூட்டு கணுக்கால். அங்கே நடு எலும்பு இரண்டு கணுக்களுக்கும் இடையில் இறுக்கமாகப் பொருந்தி நிற்கிறது. அந்த எலும்பு பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் விலகினாலே மூட்டில் எலும்புகள் ஒன்றையொன்று தொடும் பரப்பு 42 சதவீதம் குறைகிறது என்று 1976இல் ராம்சே, ஹாமில்டன் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். மீதிப் பரப்பில் உடல் எடை முழுவதும் விழுகிறது. வீங்கிய காலைத் துணிக்கு மேலே பிடித்துப் பார்க்கும் எந்தக் கையும், எத்தனை தலைமுறை அனுபவம் இருந்தாலும், ஒரு மில்லிமீட்டரை உணராது. அதை எக்ஸ்ரேதான் காட்டும். கையெலும்பின் நடுமுறிவில் கொஞ்சம் கோணல் இருந்தாலும் கை வேலை செய்யும். கணுக்கால் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

இன்னொரு ஆபத்து உடனடியானது. முதல் நாளில் மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிச் சுற்றிய கட்டு விரிந்துகொடுக்காது. உள்ளே வீக்கம் இரண்டு நாள் வளர்ந்துகொண்டே இருக்கும். இடமில்லாமல் அழுத்தம் ஏறினால் தசைக்கு ரத்தம் போவது நிற்கும். இறுகிய கட்டினால் தசை செத்ததும், விரல் அழுகியதும், காலையே எடுக்க நேர்ந்ததும் இந்திய மருத்துவ இதழ்களில் பல முறை பதிவாகியிருக்கின்றன. மாவுக்கட்டிலும் இது நடக்கும். அதனால்தான் முதல் நாளில் டாக்டர்கள் முழு வளையமாகப் போடாமல் அரைக் கட்டாகப் போடுகிறார்கள். கட்டுப் போட்ட பிறகு வலி குறைய வேண்டும். கூடிக்கொண்டே போனால், விரலை மெல்ல நிமிர்த்தினால் ஆடுசதை வரை உயிர் போகிற வலி எழுந்தால், "மருந்து வேலை செய்யுது, பொறுத்துக்கோங்க" என்று யார் சொன்னாலும் கேட்காமல் கட்டை உடனே வெட்டி எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதில் மணிக்கணக்குத்தான் இருக்கிறது, நாள்கணக்கு இல்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆபரேஷன் என்பார்கள், காசு பறிப்பார்கள்" என்பதுதான் கட்டுக்குப் போகிறவர்கள் சொல்லும் கடைசிக் காரணம். அந்தப் பயத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணுக்கால் எக்ஸ்ரே அரசு மருத்துவமனையில் கிடைக்கிறது. ஆவடி, அம்பத்தூர்காரருக்குக் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டாத தூரமில்லை. தொழிற்பேட்டைத் தொழிலாளிக்கு இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருப்பவருக்கு, வேலையில் ஏற்பட்ட காயத்தால் நடக்க முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேர்ந்த விபத்தும், வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், 2010ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இதில் சேரும். அதற்கு விபத்து தொழிற்சாலையில் பதிவாக வேண்டும், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று வேண்டும். கட்டு வைத்தியரின் மூங்கில் சிம்புக்கு அந்தச் சான்று கிடையாது. மூன்று வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் கிடப்பவர் சிக்கனம் என்று நினைத்துச் செய்தது இதுதான்.

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்று வந்தாலும், விதிப்படி எக்ஸ்ரே தேவைப்படாமல் போனாலும், ஐந்தாறு நாள் கழித்து ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும். முதல் நாள் வீக்கத்தில் நார் முழுவதும் அறுந்ததா பாதி அறுந்ததா என்று தெரியாது. வீக்கம் இறங்கிய நாலாம் ஐந்தாம் நாளில் மருத்துவர் குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். முதல் படத்தில் கண்ணுக்குத் தப்பிய மயிரிழை விரிசல் பத்துப் பதினான்கு நாளில் எலும்பு கூடத் தொடங்கும்போது இரண்டாம் படத்தில் தெரியலாம். ஒரு வாரம் கழித்தும் நான்கு அடி வைக்க முடியவில்லை, அல்லது எலும்பின் அதே புள்ளியில் அழுத்தினால் அதே வலி இருக்கிறது என்றால் முதல் எக்ஸ்ரேயைக் கையில் எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் திரும்பப் போங்கள். புள்ளியைப் பேனாவால் தோலிலேயே குறித்துக்கொண்டு போனால் அவர் விரல் நேராக அங்கே போகும்.